எந்த ஊரு, எந்தத் தெரு

மதுரை கோரிப்பாளையம் சந்திப்பில் பஸ்காரர்கள் அடிக்கிற ஹாரனையும் மீறி டெலிபோனில் ஒரு விவசாயியைச் சமாதானப்படுத்த வேண்டும் என்றால், அதற்கு விருமாண்டியின் தொண்டை வேண்டும். பொன்னருவி பம்புசெட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் முதல் போன் அவருடையது. மோட்டார் ஓடவில்லை என்று கொதித்துப்போய்ப் பேசுகிறவர், போனை வைக்கும்போது சிரித்துக்கொண்டே வைப்பார். அப்படியொரு வாய். உசிலம்பட்டிப் பக்கம் பிறந்து வில்லாபுரத்தில் வாடகை வீட்டில் இருந்தாலும், மதுரைக்கு மேற்கே எந்த ஊர்ச் சம்சாரி பேசினாலும் இரண்டு கேள்வியில் ஒரு உறவைக் கண்டுபிடித்துவிடுவார். "அப்ப நீங்க நமக்கு மாமா முறையில்ல வேணும்" என்பார். மாமனிடம் எவன் சண்டை போடுவான்?

அந்த இரண்டு கேள்விகள்: எந்த ஊரு, அங்கே எந்தத் தெரு.

இரண்டாவது கேள்விக்கு வருகிற பதிலைப் பொறுத்து அவர் குரல் ஒரு படி ஏறும், அல்லது நாலு படி இறங்கும். இது அவருக்கே தெரியாது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆனால் உண்மையிலேயே தெரியாது. நாம் சாப்பிடும்போது எந்தப் பக்கப் பல்லால் மெல்லுகிறோம் என்று கவனித்தா மெல்லுகிறோம்?

எண்பத்து நாலாம் வருஷம் கம்பெனி முதலாளியின் மகன் காசிராஜன் பம்பாயில் ஏதோ மேலாண்மை வகுப்புக்குப் போய்விட்டு வந்தார். வந்ததும் விற்பனைக் கணக்கைப் புரட்டினார். பாங்கிக் கடன் கிடைத்து, புதிதாகக் கொஞ்சம் நிலமும் கிணறும் வாங்கிய குடும்பங்கள் பெருகியிருந்தன. மோட்டார் வாங்குகிறவர்களே இப்போது அவர்கள்தான். முதல் மோட்டாரைப் பொன்னருவியில் வாங்குகிறார்கள். அண்ணன் தம்பிக்கு வாங்கும்போது மட்டும் வேறு கம்பெனிக்குப் போகிறார்கள். அழகர்கோவில் சாலையில் இருந்த டீலரிடம் காரணம் கேட்டதற்கு அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "மோட்டார் நல்லாத்தான் இருக்காம் தம்பி. போன்தான் சரியில்லையாம்" என்றார்.

போனை என்ன செய்வது? காசிராஜன் பம்பாயில் படித்தபடி, பேச்சுக்கு ஒரு தோரணை வகுத்தார். கனிவு, பணிவு, தெளிவு என்று மூன்று சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டினார். இனி கம்பெனியில் யார் பேசினாலும் ஒரே குரலாக இருக்க வேண்டும் என்றார்.

இரண்டாவது போனுக்கு உட்கார்ந்திருந்த பேச்சிமுத்து சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவர், பயந்த சுபாவம். அவர் அந்த மூன்று சொற்களையும் பார்த்துப் பார்த்துப் பணிவைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் வாடிப்பட்டியிலிருந்து டிரங்க் கால் போட்ட ஒருவரிடம் வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, ஐயா ஐயா என்று ஐந்தாறு தடவை குழைந்ததில் மூன்று நிமிஷம் தீர்ந்து லைன் அறுந்துபோனது. மோட்டாருக்கு என்ன என்பதை அந்த மனிதர் கடைசிவரை சொல்லவே இல்லை. விருமாண்டி இதைச் சொல்லிச் சொல்லி டீக்கடையில் சிரித்தார்.

காசிராஜன் முட்டாள் இல்லை. வெறும் குணத்தின் பெயரை எழுதிப்போட்டால் ஆளுக்கொரு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரே வாரத்தில் புரிந்துகொண்டார். சுவரில் இருந்ததைக் கழற்றிவிட்டு வேறு வழிக்கு வந்தார். ஒரு அட்டவணை. ஒவ்வொரு வரிசையும் ஒரே புகார், ஒரே சங்கதி. இடப்பக்கம், இப்படிச் சொல்லலாம். வலப்பக்கம், இப்படிச் சொல்லக் கூடாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று காதுக்குத் தெரியும் என்றார். கற்பனையாக எழுதினால் இடப்பக்கம் வானொலி நாடகம் மாதிரியும் வலப்பக்கம் வில்லன் மாதிரியும் ஆகிவிடும், அதனால் இந்த அலுவலகத்தில் யாராவது உண்மையிலேயே பேசிய வாக்கியம் மட்டும்தான் அட்டவணையில் ஏற வேண்டும், யார் பேசியது என்று பெயர் போடக் கூடாது. இந்த இரண்டும் விதி.

அந்த வேலை மலையம்மாளிடம் வந்தது. அழகர்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிற சுருக்கெழுத்துத் தட்டச்சர். அவர் சேர்ந்த அன்றைக்கே விருமாண்டி அந்த இரண்டு கேள்விகளைக் கேட்டிருந்தார். பில் போடுகிற ஜெயக்கொடியைத் 'தங்கச்சி' என்று கூப்பிடுகிறவர், மலையம்மாளை அன்றிலிருந்து 'ஏ புள்ள' என்றுதான் கூப்பிடுவார். அதில் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றியதில்லை. மலையம்மாள் இரண்டு போனுக்கும் நடுவில் நாற்காலி போட்டுக்கொண்டு, காதில் விழுவதையெல்லாம் பென்சிலால் கிறுக்கிக்கொண்டிருந்தார்.

தன்னுடைய பொன்மொழிகளைப் பதிவு செய்யத்தான் கம்பெனி ஆள் போட்டிருக்கிறது என்று விருமாண்டி நினைத்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஏனென்றால் அப்போது ஒரு நாற்காலி காலியாக இருந்தது. புகார்ப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் ஒருவரைப் போடப்போவதாகவும், அவர்தான் புதிதாக வருகிறவர்களுக்குப் பேசப் பழக்குவார் என்றும் காசிராஜன் சொல்லியிருந்தார். தன்னைவிட்டால் அதில் யார் உட்கார முடியும் என்று விருமாண்டி வீட்டில் மனைவி ஒச்சாயியிடம் கேட்டார். ஒச்சாயி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "வீட்டுல பேசுற மாதிரிப் பேசாம இருந்தா கெடைக்கும்" என்றார். விருமாண்டி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அட்டவணை தயாரானதும் காசிராஜன் அதை விருமாண்டியிடமே கொடுத்து, சனிக்கிழமைக் கூட்டத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டச் சொன்னார். அன்று சாயங்காலமே வீட்டில் உட்கார்ந்து விருமாண்டி அதைப் படித்தார். இடப்பக்கம் படிக்கப் படிக்க அவருக்கு உடம்பு புல்லரித்தது. அத்தனையும் அவர் வாக்கியம். இது கருமாத்தூர் நல்லகாமன் மாமாவிடம் சொன்னது. இது செக்கானூரணி கருத்தக்கண்ணன் அண்ணனிடம், நெல் வாடுகிறது என்று அவர் அழுதபோது சொன்னது. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் ஞாபகத்தில் இருந்தது.

வலப்பக்கத்துக்கு ஒரு முகமும் ஞாபகம் வரவில்லை. அந்த மனிதர்களை அவர் போனை வைத்த அதே நொடியில் மறந்திருந்தார். ஆளை மறந்தால் அவர்களிடம் பேசியது மட்டும் எப்படி நிற்கும்? வெறும் எழுத்தாகப் பார்த்தபோது அது அவருக்கே அசிங்கமாகப் பட்டது. எவனோ வாய் கூசாமல் பேசியிருக்கிறான். இருப்பது இரண்டு போன். அவன் யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. பாவம், பேச்சிமுத்து. பூனை மாதிரி இருந்துகொண்டு இம்புட்டு விஷமா என்று ஒச்சாயியிடம் வருத்தப்பட்டார். மேற்பார்வையாளர் ஆனதும் முதல் வேலையாக அவரைத் திருத்துவது என்று முடிவு செய்தார். இந்த முடிவில் அவருக்கு உள்ளபடியே ஒரு கருணை இருந்தது.

சனிக்கிழமை கூட்டத்துக்கு உளுந்த வடையும் காப்பியும் வந்தன. விருமாண்டி எழுந்து நின்று முதல் வரிசையை எடுத்தார். மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை. இடப்பக்கத்தை உருக்கமாக வாசித்தார்.

"முதல்ல சுவிட்ச அணைச்சிருங்கண்ணே. மூணு பேஸ்ல ஒண்ணு வரல போல. இதுல உங்க தப்பு ஒண்ணுமில்ல."

வலப்பக்கத்தை முகத்தைச் சுளித்து, மூக்கால் பேசி நடித்தே காட்டினார்.

"நீ எதுக்கு ஸ்டார்ட்டர்ல கை வச்ச? தெரியாதவன் கையில மோட்டாரக் குடுத்தா இப்படித்தான். நாளைக்கு ஆபீசுக்கு வா, பாப்போம்."

யாரும் சிரிக்கவில்லை. அடுத்தது, மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. இடப்பக்கத்தில், தண்ணீர் நிறைய ஊற்றி ஓட்டிப் பார்க்கச் சொல்லி, திரும்பவும் இறங்கிவிட்டால் குழாயின் அடியில் இருக்கிற புட்வால்வில் தூசி சிக்கியிருக்கும், மெக்கானிக்கை அனுப்புகிறேன் என்று பதவிசாக இருந்தது. வலப்பக்கத்தில், முதலில் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போன் போடு என்று இருந்தது. பயிர் வாடுகிறது என்று தவிக்கிறவனிடம் கேலி பேசலாமா என்று விருமாண்டி சபையைப் பார்த்துக் கேட்டார். ஜெயக்கொடி வடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மலையம்மாள் ஜன்னலைப் பார்த்தார்.

விருமாண்டி பேச்சிமுத்துவின் தோளில் கை வைத்தார். "மாப்ள, வருத்தப்படாத. வாய்தான, பழக்குனா பழகிரும். நான் பழக்குறேன்" என்றார்.

அந்த நேரம் பார்த்து முதல் போன் அடித்தது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? எல்லோரும் கவனிக்கும்படி கையைக் காட்டிவிட்டு, அட்டவணையைக் கையில் வைத்தபடியே விருமாண்டி போனை எடுத்தார்.

"வணக்கம்ணே, பொன்னருவி. சொல்லுங்க, எந்த ஊரு?" என்று தேன் ஒழுகக் கேட்டார். எதிர்முனையில் ஊர் சொன்னார்கள். "அட, நம்ம பக்கம்தான். அங்க எந்தத் தெரு?"

பதில் வந்தது. விருமாண்டியின் முதுகு நாற்காலியில் சாய்ந்தது. "சரி, சொல்லு" என்றார். பேசியவர் பெயர் கருப்பு, போஸ்ட் ஆபீசிலிருந்து டிரங்க் கால் போட்டிருந்தார். மோட்டார் போட்டால் உறுமுகிறது, சுற்றவில்லை, பையனைக் கிணற்றடியில் நிறுத்திவிட்டு ஓடிவந்திருக்கிறேன் என்றார்.

"நீ எதுக்கு ஸ்டார்ட்டர்ல கை வச்ச?" என்றார் விருமாண்டி. "தெரியாதவன் கையில மோட்டாரக் குடுத்தா இப்படித்தான். நாளைக்கு ஆபீசுக்கு வா, பாப்போம்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். பாராட்டை எதிர்பார்த்துத் திரும்பினார் என்றுதான் சொல்ல வேண்டும். எல்லோரும் அவர் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் அதைப் பார்த்தார். முதல் வரிசை, வலப்பக்கம். ஒரு எழுத்து பிசகவில்லை.

சந்திப்பில் ஒரு லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்ததுதான் கேட்டது. மலையம்மாள்தான் முதலில் காசிராஜன் பக்கம் திரும்பிப் பேசினார். "சார், அவரு இன்னும் சுவிட்ச அணைக்கல. இவரு அணைக்கச் சொல்லவே இல்ல. உறுமிக்கிட்டே கெடந்தா வைண்டிங் கருகிப் போகும்."

விஷயம் அதுதான். மரியாதை குறைந்தால் மரியாதை மட்டும் குறைவதில்லை. சொல்ல வேண்டிய சங்கதியும் கூடவே விழுந்துவிடுகிறது. காசிராஜன் முகம் சிவந்துபோய், அந்தப் போஸ்ட் ஆபீசுக்கு உடனே அவசர டிரங்க் கால் பதிவு செய்யச் சொன்னார். பேசப்போவது விருமாண்டிதான் என்றும் சொன்னார்.

லைன் கிடைக்கும்வரை விருமாண்டி போனுக்கு முன்னால் பரீட்சை எழுத வந்த பையனைப் போல உட்கார்ந்திருந்தார். அவமானமாகத்தான் இருந்தது, ஆனால் அதைவிடக் குழப்பமாக இருந்தது. இடப்பக்கம் அத்தனையும் தன்னுடையது. வலப்பக்கமும் தன்னுடையதா? லைன் கிடைத்தது. கருப்பு இன்னும் போஸ்ட் ஆபீசிலேயே யோசனையாக நின்றிருந்ததால் அவரையே கூப்பிட்டுக் கொடுத்தார்கள். விருமாண்டி வாயைத் திறந்தார். பத்து வருஷமாக மேற்கே இருந்து பேசிய ஒவ்வொரு மாமனிடமும் தானாக வழுக்கி வந்த வாக்கியம், இந்த மனிதரிடம் வர மாட்டேன் என்றது. கடைசியில் காகிதத்தைப் பார்த்து, தன்னுடைய சொந்த வாக்கியத்தை எழுத்துக் கூட்டாத குறையாக வாசித்தார்.

"முதல்ல சுவிட்ச... அணைச்சிருங்கண்ணே. மூணு பேஸ்ல ஒண்ணு வரல போல. இதுல உங்க தப்பு ஒண்ணுமில்ல."

கருப்பு போனைப் பிடித்தபடியே, ஆள்விட்டு அணைக்கச் சொல்லத் திரும்பினார். நல்லவேளை, பையன் பயந்துபோய் ஏற்கெனவே அணைத்துவிட்டு, அவரைத் தேடி வந்து வாசலில் நின்றிருந்தான். கருப்புக்கு நிம்மதியில் பேச்சு வந்துவிட்டது. உங்கள் பேர் என்ன என்று கேட்டார். விருமாண்டி சொன்னார். "நீங்க நல்லாச் சொல்றீங்கண்ணே. மொதல்ல ஒருத்தர் பேசுனாரே, அவரு யாரு?"

அறை முழுக்க அவரையே பார்த்தது. விருமாண்டி பேச்சிமுத்துவைப் பார்த்தார்.

"அவரு வேற ஆளுண்ணே. பேச்சிமுத்துன்னு, புதுசு" என்று சொல்லிப் போனை வைத்தார்.

மலையம்மாளின் பென்சில் பழக்கதோஷத்தில் ஓடி நின்றது. காசிராஜன் கோபப்படுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் கோபப்படவில்லை, அட்டவணையில் ஒரு வரிசை கூட்டச் சொன்னார். புகார்: நம் ஆள் தவறாகப் பேசியது. வலப்பக்கம்: "அவரு வேற ஆளு." இடப்பக்கம் என்ன போடுவது என்று மலையம்மாள் கேட்டார். இந்த அலுவலகத்தில் உண்மையில் பேசியது மட்டும்தானே ஏற வேண்டும், அப்படி ஒருவரும் பேசியதில்லையே. அப்படியானால் காலியாக விடுங்கள் என்றார் காசிராஜன். மேற்பார்வையாளர் நாற்காலியைப் பற்றி விருமாண்டி தயங்கித் தயங்கி இழுத்ததற்கு, முதலில் அந்தக் கட்டம் நிறையட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அட்டவணையைச் சுவரில் மாட்டினார்கள். அதன் தலையில் ஒரு வரி சேர்ந்திருந்தது: 'ஊர் கேட்கலாம், மெக்கானிக்கை அனுப்ப. தெரு கேட்கக் கூடாது.' விருமாண்டி அதன்படியே நடந்தார். நடந்தார் என்றால், பாதிப் பேச்சில் 'எந்தத்' என்று ஆரம்பித்து, தொண்டையில் மீன்முள் சிக்கியவர் போல நிறுத்தி, காகிதத்தைப் பார்த்து வாசித்தார். முன்பு சிரித்துக்கொண்டே போனை வைத்த மாமன்மார்கள், மாப்பிள்ளைக்கு உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்தார்கள். மலையம்மாளை 'ஏ புள்ள' என்று கூப்பிடுவதும் நின்றுபோனது. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததால் கொஞ்ச நாள் கூப்பிடவே இல்லை.

அறுவடைக்குப் பிறகு ஒருநாள் கருப்பு நேரில் வந்தார். வெளுத்த சட்டை, கையில் ஒரு பை நிறையக் கத்தரிக்காய். விருமாண்டி அண்ணனைப் பார்க்க வேண்டும் என்றார். பார்த்ததும் பையைக் கையில் திணித்தார். ஒரு பேஸ் வரவில்லை என்று நீங்கள் சொன்ன ஒரு சொல்லால் மோட்டார் பிழைத்தது, கத்தரியும் பிழைத்தது என்றார். விருமாண்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அதுவரை நன்றாகத்தான் போனது. அப்புறம் கருப்பு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அந்தப் பேச்சிமுத்து மேல் முதலாளிக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று வந்தேன், எங்கள் தெருவில் நாலைந்து பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், எங்களிடம் எப்போதும் அப்படித்தான் பேசுகிறாராம், அந்த ஆளை வேலையில் வைத்திருக்கக் கூடாது என்றார்.

பேச்சிமுத்துவின் கை போன் மேல் அப்படியே நின்றது. அவருக்கு வீட்டில் கல்யாணத்துக்குத் தங்கைகள் இருந்தார்கள். அவர் எழுந்து மறுக்கவில்லை. அதுதான் விருமாண்டிக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடச் சமாளித்திருப்பார். பையிலிருந்த கத்தரிக்காய் மடியில் கனத்தது. அவர் மனசு அந்த நேரத்தில் காலி நாற்காலியை நினைத்ததா என்று பிற்பாடு டீக்கடையில் கேட்டவர்கள் உண்டு. சத்தியமாக இல்லை என்று அவர் சொன்னார், நாமும் நம்பிவைப்போம். சுவரைப் பார்த்தார். இந்த ஒன்றுக்கு மட்டும் அங்கே பார்த்து வாசிக்க ஒன்றுமில்லை.

"அண்ணே," என்றார். "அன்னிக்கு மொதல்ல பேசுனதும் நான்தான். உங்க தெருக்காரங்ககிட்ட எப்பவும் அப்படிப் பேசுனதும் நான்தான். தப்பாப் பேசிட்டேன். அந்தத் தம்பி மேல எழுதிக் குடுக்காதீங்க."

கருப்பு அவர் முகத்தைப் பார்த்தார். அப்புறம் காகிதத்தை மடித்து மறுபடி சட்டைப் பையில் வைத்தார். கிழிக்கவில்லை, வைத்துக்கொண்டார். கத்தரிக்காயைத் திரும்பக் கேட்பாரோ என்று விருமாண்டி பையை நீட்டினார். "வச்சுக்கங்க. அது ரெண்டாவது பேசுனவருக்குக் கொண்டுவந்தது" என்று சொல்லிவிட்டுக் கருப்பு பஸ் ஏறப் போனார்.

மலையம்மாள் பென்சிலை எடுத்தார். "கொஞ்சம் மெதுவாத் திருப்பிச் சொல்லுங்கண்ணே, ஒரு வரி விட்டுப்போச்சு" என்றார். விருமாண்டிக்குக் கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணோடேயே, சொல்லு சொல்லாகத் திருப்பிச் சொன்னார்.

மறுநாள் கட்டம் நிறைந்தது, அந்த மாதமே நாற்காலியும் நிறைந்தது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு விருமாண்டிதான் அட்டவணையை வாசித்துக் காட்டினார். கடைசி வரிசைக்கு வந்ததும் இளசுகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். தப்பை ஒப்புக்கொண்டு இவ்வளவு பணிவாகப் பேசியது கண்டிப்பாக அந்தப் பேச்சிமுத்து அண்ணன்தான் என்று தங்களுக்குள் சொல்லி மெச்சிக்கொள்வார்கள். அது விருமாண்டியின் காதிலும் விழும். திருத்தலாம் என்று வாய் வரும். ஆனால் யார் பேசியது என்று பெயர் சொல்லக் கூடாது என்பது விதி. அதைக் காப்பாற்ற வேண்டியது மேற்பார்வையாளர் வேலை.